கரண்ட் ரேஷியோ ஒன்றுக்குக் கீழே போனால் பணம் எங்கே போயிருக்கிறது?

"என் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறார். ஆர்டர் இருக்கிறது, லாபமும் இருக்கிறது. சி.சி., அதாவது கேஷ் கிரெடிட் கடன் லிமிட்டை 50 லட்சம் உயர்த்தித் தரக் கேட்டார். கரண்ட் ரேஷியோ 0.94, குயிக் ரேஷியோ 0.5 என்று சொல்லி வங்கியில் மறுத்துவிட்டார்கள். பெரிய சூப்பர் மார்க்கெட் நிறுவனங்களுக்கே இது ஒன்றுக்குக் குறைவாகத்தான் இருக்கும் என்கிறார்கள். இந்த எண் குறைந்தால் தொழில் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தமா?"

இந்த எண் ஒரு விஷயத்தை மட்டும் உறுதியாகச் சொல்கிறது. ஓராண்டுக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டிய பணத்தில் ஒரு பகுதி, ஓராண்டுக்குள் திரும்பி வராத இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அது ஆபத்தா என்பதை அறிய, அந்தப் பணம் யாருடையது, எதில் உட்கார்ந்திருக்கிறது, அதைக் கேட்டு அவர் எப்போது வந்து நிற்பார் என்ற மூன்றையும் பார்க்கவேண்டும். வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். விகிதத்தை மட்டும் பார்த்து ஒரு தொழிலைத் தள்ளிவிடுவது எவ்வளவு தவறோ, "லாபம் இருக்கிறதே" என்று அதை ஒதுக்கிவிடுவதும் அவ்வளவு தவறு.

கணக்கு எளிதானதுதான். கையிருப்பு, வரவேண்டிய பாக்கி, சரக்கு என ஓராண்டுக்குள் பணமாக மாறவேண்டியவை நடப்புச் சொத்துகள். லிமிட்டுக்குள் வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் சி.சி. கடன், நூல் பாக்கி, நிட்டிங், டையிங் போன்ற ஜாப் ஒர்க் பாக்கி, டெர்ம் லோனில் அடுத்த 12 மாதத்தில் கட்டவேண்டிய தவணைகள் ஆகியவை நடப்புப் பொறுப்புகள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கரண்ட் ரேஷியோ. நடப்புச் சொத்திலிருந்து சரக்கையும், முன்கூட்டியே கட்டிவிட்ட செலவுகளையும் கழித்துவிட்டு வகுத்தால் குயிக் ரேஷியோ.

இனி பாடநூல்கள் பெரும்பாலும் அழுத்திச் சொல்லாத ஒன்று. பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் சமம். ஆகவே நடப்புப் பொறுப்பு நடப்புச் சொத்தைவிட 20 லட்சம் அதிகம் என்றால், மறுபாதியில் நீண்டகாலச் சொத்துகள் நீண்டகாலப் பணத்தைவிட அதே 20 லட்சம் அதிகமாக இருந்தே தீரும். நீண்டகாலப் பணம் என்றால் முதலாளியின் சொந்த முதலும் டெர்ம் லோனின் மீதியும். நீண்டகாலச் சொத்து என்றால் இயந்திரம், கட்டடம் போன்றவை. கரண்ட் ரேஷியோ ஒன்றுக்குக் கீழே இருப்பதன் முழுப் பொருள் இதுதான். காரணத்தைச் சரக்கிலும் பாக்கியிலும் தேடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் கிடைக்காது. மறுபாதியைப் பார்த்தால் கிடைத்துவிடும்.

உங்கள் அண்ணனின் பேலன்ஸ் ஷீட் என்னிடம் இல்லை. அதே விகிதங்கள் வருகிற மாதிரி ஒரு பனியன் கம்பெனியின் கணக்கை நானே அமைத்துக் காட்டுகிறேன். எல்லாம் லட்ச ரூபாயில்.

சென்ற ஆண்டு மார்ச் 31 அன்று கையிருப்பு 5, வியாபாரிகளிடமிருந்து வரவேண்டியது 120, சரக்கு 130, ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் போன்றவை 25. ஆக நடப்புச் சொத்து 280. எதிர்ப்பக்கத்தில் சி.சி. 100, நூல் பாக்கி 80, நிட்டிங், டையிங்காரர்களுக்குப் பாக்கி 30, ஆக 210. கரண்ட் ரேஷியோ 1.33. சரக்கை நீக்கினால் 150, அதை 210-ஆல் வகுக்க குயிக் ரேஷியோ 0.71.

இந்த ஆண்டு மார்ச் 31 அன்று கையிருப்பு 4, வரவேண்டியது 140, சரக்கு 156, ரீஃபண்ட் 30, ஆக 330. எதிர்ப்பக்கத்தில் சி.சி. 150, நூல் பாக்கி 125, ஜாப் ஒர்க் பாக்கி 50, புதிய டெர்ம் லோனின் ஓராண்டுத் தவணை 25, ஆக 350. விகிதம் 0.94. சரக்கை நீக்கினால் 174, குயிக் ரேஷியோ 0.5.

முதலில் தொழில் கெட்டுவிட்டதா என்று பார்ப்போம். விற்பனை 650-லிருந்து 730 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவேண்டிய பாக்கி 67 நாள் விற்பனைக்குச் சமமாக இருந்தது, இப்போது 70 நாள். சரக்கு 73 நாளிலிருந்து 78 நாள். இரண்டும் சற்றே கூடியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆடை ஓடுகிறது, வாங்கியவர்கள் ஏறக்குறைய பழைய வேகத்திலேயே பணம் தருகிறார்கள். வரிபோக லாபம் 32 லட்சம். உங்கள் அண்ணன் சொல்வதும் இதைத்தான்; அவர் சொல்வதில் பொய் இல்லை.

ஆனால் சென்ற ஆண்டு நடப்புச் சொத்து பொறுப்பைவிட 70 அதிகமாக இருந்தது, இந்த ஆண்டு 20 குறைவாக இருக்கிறது. 90 லட்சம் எங்கோ போயிருக்கிறது. மறுபாதியைப் பார்ப்போம். நீண்டகாலப் பணமாக உள்ளே வந்தவை: லாபம் 32, ரொக்கமாக வெளியே போகாத தேய்மானம் 18, புதிய டெர்ம் லோன் 75, மொத்தம் 125. வெளியே போனவை: புதிய நிட்டிங் இயந்திரங்கள் 100, ஷெட்டை நீட்டிக் கட்டியது 30, முதலாளி சொந்தமாக நிலம் வாங்க எடுத்தது 60, டெர்ம் லோனில் அடுத்த 12 மாதத்தில் கட்டவேண்டியதாகி நடப்புப் பொறுப்புப் பக்கம் இறங்கிவிட்ட தவணை 25, மொத்தம் 215. வித்தியாசம் சரியாக 90.

இப்போது படம் தெளிவாகத் தெரிகிறது. இயந்திரத்துக்கு வங்கி 75 கொடுத்தது, மீதி 25 கைப்பணம். ஷெட்டுக்குக் கடனே வாங்கவில்லை. 32 லட்சம் லாபம் ஈட்டிய ஆண்டில் 60 லட்சம் வீட்டுக்குப் போயிருக்கிறது. இத்தனைக்கும் பணம் கொடுத்தவர்கள் யார் என்று நடப்புப் பொறுப்புப் பக்கம் சொல்கிறது: சி.சி.யில் 50, நூல் மில்லுக்குக் கொடுக்காமல் நிறுத்தியது 45, டையிங், நிட்டிங்காரர்களுக்கு நிறுத்தியது 20. நூல் கொள்முதல் ஆண்டுக்கு 325-லிருந்து 365 ஆனது. அந்தக் கணக்கில் மில்லுக்குப் பணம் போக 90 நாள் ஆனது 125 நாளாகியிருக்கிறது. ஷெட்டின் கூரைத் தகட்டுக்கும் நிலப் பத்திரத்துக்கும் ஒரு நூல் மில்லும் ஒரு சாயப்பட்டறையும், தங்களுக்கே தெரியாமல், வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கின்றன.

வங்கிக்காரர்கள் இதைக் குறுகிய காலப் பணத்தை நீண்டகாலப் பயன்பாட்டுக்குத் திருப்பிவிட்டது என்பார்கள். குறைந்த கரண்ட் ரேஷியோவுக்குப் பின்னால் நான் அதிகம் கண்ட காரணம் இதுதான். நஷ்டத்தால் விகிதம் விழுவதும் உண்டு. அப்போது நீண்டகாலப் பணத்தின் பட்டியலில் லாபம் இருக்கவேண்டிய இடத்தில் நஷ்டம் இருக்கும், மருத்துவமும் வேறு. இரண்டும் ஒரே 0.94-ஐக் காட்டும் என்பதால்தான் மறுபாதியைப் பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்கிறேன்.

சூப்பர் மார்க்கெட் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனத்தின் கரண்ட் ரேஷியோ பல ஆண்டுகளாகவே ஒன்றுக்குக் கீழே இருக்கிறது. 2023 ஜனவரியோடு முடிந்த ஆண்டில் 0.82. குயிக் ரேஷியோ 0.2 அளவுதான். உங்கள் அண்ணனின் எண்ணைவிட இரண்டும் மோசம். அங்கே யாரும் பதறவில்லை. ஏனென்றால் அந்தக் கடையில் வாடிக்கையாளர் பில் போடும்போதே பணம் கொடுத்துவிடுகிறார், வரவேண்டிய பாக்கி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பொருள் சில வாரங்களில் விற்றுவிடுகிறது, சப்ளையருக்கு ஒப்பந்தப்படி கொடுக்கவேண்டிய நாளும் ஏறக்குறைய அப்போதுதான் வருகிறது. ஆக பாக்கி கேட்கப்படும் நேரத்துக்கு, அதற்கான பணம் பெரும்பாலும் கல்லாவுக்கு வந்துவிடுகிறது. அங்கேயும் சப்ளையர் பணம்தான் கடைக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் சப்ளையர் ஒத்துக்கொண்ட தவணைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

சில்லறை வணிகம் என்றாலே இப்படித்தான் என்றும் எண்ணிவிடவேண்டாம். நம் நாட்டில் டிமார்ட் சப்ளையர்களுக்குச் சீக்கிரமே பணம் கொடுத்து, அதற்கு ஈடாகக் குறைந்த விலையை வாங்கிக்கொள்ளும் வழியைப் பிடித்தது. அதன் கரண்ட் ரேஷியோ ஒன்றுக்கு நன்றாக மேலே நிற்கிறது. ஒரே தொழில், இரு வழி, இரு எண்.

பனியன் கம்பெனியில் ஓட்டம் நேர் எதிராக இருக்கிறது. நூல் வாங்கி, துணியாக ஓட்டி, சாயம் போட்டு, தைத்து, செக்கிங் முடித்து அனுப்பவே இரண்டரை மாதம் போய்விடுகிறது. அனுப்பியபின் பணம் வர இன்னும் 70 நாள். 148 நாள் கழித்து வரும் பணத்துக்கு மில்லை 125 நாள் காக்கவைத்தாலும் பற்றவில்லை. அதுவும் மில் ஒத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. 90 நாளுக்குப் பழகிய மில் 125-ஆவது நாளில் வேறு முகம் காட்டும். ஆக, சூப்பர் மார்க்கெட்டில் அந்த எண் தொழிலின் அமைப்பிலிருந்து வருகிறது, இங்கே தவறிய தவணையிலிருந்து வருகிறது. இதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி, விகிதம் ஆண்டாண்டாக அதே இடத்தில் நிற்கிறதா, ஒரே ஆண்டில் 1.33-லிருந்து 0.94-க்கு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. நின்றுகொண்டிருக்கும் 0.82 பெரும்பாலும் அமைப்பு. விழுந்த 0.94 ஒரு நிகழ்ச்சி. அதற்குத் தேதியும் தொகையும் உண்டு.

அமைப்பினால் குறைவாக இருப்பதும் நிபந்தனையோடு கூடியதுதான் என்பதைச் சொல்லிவிடவேண்டும். விற்பனை வளரும்வரை இன்றைய கல்லாப் பணம் நேற்றைய பாக்கியைத் தாராளமாக அடைக்கும். விற்பனை சுருங்கத் தொடங்கினால், பெரிய மாதத்தின் பாக்கியைச் சிறிய மாதத்தின் வசூலிலிருந்து கட்டவேண்டிவரும். அப்போது அதே அமைப்பு திருப்பி அடிக்கும்.

அடுத்து குயிக் ரேஷியோ. சரக்கை ஏன் கழிக்கிறோம் என்பதற்குப் பனியன் கம்பெனியைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். 156 லட்சம் சரக்கு என்று கணக்கில் ஒரே வரியாக எழுதியிருக்கும். கிடங்குக்குள் போனால் அது மூன்று வேறு பொருள்கள். கோனில் இருக்கும் நூல், பையைப் பிரிக்காமல் இருந்தால், சிறு நஷ்டத்தில் நாளையே விற்றுவிடும். சாயம் போடாத கிரே துணியையும் ஆள் பார்த்துத் தள்ளிவிடலாம். ஆனால் ஒரு பிராண்டின் நிறத்தில் சாயம் போட்டு, அதன் லேபிளைக் கழுத்தில் தைத்துவிட்ட ஆடை, அந்த ஒருவர் வாங்கினால்தான் அடக்க விலைக்குப் போகும். அவர் வேண்டாம் என்றுவிட்டால் லேபிளை வெட்டிவிட்டு, திருப்பூர் காதர்பேட்டைச் சந்தையில் கிடைத்த விலைக்குக் கொடுக்கவேண்டியதுதான்.

ஒருமுறை ஒரு கம்பெனிக்குச் சரக்கைச் சரிபார்க்கப் போயிருந்தேன். ஸ்டாக் ஸ்டேட்மென்டில் எழுதியிருந்த அளவு சரியாகவே இருந்தது, அட்டைப்பெட்டிகளை எண்ணியும் பார்த்துவிட்டேன். சுவரோரம் இருந்த வரிசையில் ஒரு பெட்டியை இழுத்தபோது, மேலே ஒட்டியிருந்த சீட்டில் இரண்டு பருவத்துக்கு முந்தைய ஆர்டர் எண் இருந்தது. டேப் காய்ந்து, விரல் பட்டதும் உரிந்து வந்தது. உள்ளே இருந்தவை மடிப்புக் கலையாத நல்ல ஆடைகள். அவற்றுக்கு வாங்குபவர்தான் இல்லை. கணக்கில் அவை அடக்க விலையில் நின்று, கரண்ட் ரேஷியோவை ஒன்றுக்கு மேலே தாங்கிப் பிடித்திருந்தன. அந்தக் கம்பெனியின் குயிக் ரேஷியோவோ மூன்று ஆண்டாக இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு விகிதங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போனால், நடுவில் விற்காத சரக்கு வளர்கிறது என்று பொருள். நம் மாதிரிக் கணக்கில் அப்படி நேரவில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுந்திருக்கின்றன. பிரச்சினை சரக்கில் இல்லை என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

குயிக் ரேஷியோவுக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. வரவேண்டிய பாக்கி முழுவதையும் அது விரைவாக வருகிற பணம் என்று நம்பிவிடுகிறது. 140 லட்சத்தில் 35 லட்சம் ஆறு மாதத்துக்கு மேல் ஒரே வியாபாரியிடம் நிற்கிறது என்றால், அதை விரைவுப் பணம் என்று எப்படிச் சொல்வது? அதை நீக்கிவிட்டால் 139-ஐ 350-ஆல் வகுக்கவேண்டும், விகிதம் 0.4. பாக்கியை வயதுவாரியாகப் பிரித்த பட்டியல் இல்லாமல் எனக்குக் குயிக் ரேஷியோவைச் சொன்னால், நான் அதை நம்புவதில்லை.

எந்த அளவு சரி என்ற கேள்விக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டுக்கு ஒன்று என்பது அமெரிக்க வங்கியாளர்களிடமிருந்து வந்த பழைய விதி. நம் வங்கிகள் சொல்லும் 1.33, ரிசர்வ் வங்கி 1974-இல் அமைத்த டாண்டன் குழுவிலிருந்து வந்தது. நடப்புச் சொத்தில் கால் பங்கையாவது முதலாளி தன் நீண்டகாலப் பணத்திலிருந்து போடவேண்டும் என்று அதன் இரண்டாம் முறை சொன்னது. 100-இல் 25 போக மீதி 75 நடப்புப் பொறுப்பு. 100-ஐ 75-ஆல் வகுத்தால் 1.33. அதாவது அந்த எண் இயற்கை விதி ஒன்றுமில்லை, முதலாளியின் பங்கு இவ்வளவு இருக்கட்டும் என்ற ஓர் ஏற்பாடு. 1997-க்குப் பிறகு வங்கிகள் தங்கள் அளவைத் தாங்களே வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி விட்டுவிட்டது. சிறு தொழில்களுக்கு அதைவிடக் குறைவாக ஏற்கும் வங்கிகளும் உண்டு. ஆனால் ஒன்றுக்குக் கீழே என்றால், முதலாளியின் பங்கு பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது என்று பொருளாகிறது. கிளை மேலாளர் தயங்கியது அதனால்தான்.

அவர் பார்த்திருக்கக்கூடிய இன்னொரு கணக்கும் இருக்கிறது. சி.சி.யில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்டை வைத்து முடிவுசெய்கிறார்கள். பணம் கொடுக்காத சரக்குக்கு வங்கி கடன் தராது. ஆகவே சரக்கிலிருந்து நூல் பாக்கியைக் கழிப்பார்கள். 156-இல் 125 போனால் 31. அதில் முதலாளியே போடவேண்டிய 25 சதவீத மார்ஜின் போக 23. வரவேண்டிய 140-இலும் அதே மார்ஜின் போக 105. ஆக எடுக்கக்கூடியது 128; எடுத்திருப்பது 150. மார்ஜின் வங்கிக்கு வங்கி மாறும், 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கியையும் பொதுவாகக் கழித்துவிடுவார்கள் என்பதால் உண்மையான எண் இதைவிடக் குறையவே வாய்ப்பு. இருக்கிற லிமிட்டுக்கே ஈடு பற்றாதபோது இன்னொரு 50-க்கு எங்கே போவது?

அந்த 50-ஐக் கொடுத்திருந்தாலும் விகிதம் நிமிர்ந்திருக்காது. அதை வாங்கி மில்லுக்குக் கட்டினால் நூல் பாக்கி 50 குறையும், சி.சி. 50 கூடும். பொறுப்பு அதே 350, விகிதம் அதே 0.94. வட்டியில்லாக் கடன் வட்டிக் கடனாக மாறியிருக்கும், அவ்வளவுதான். குறுகிய காலக் கடனை வைத்துக் குறுகிய காலக் கடனை அடைத்து இந்தப் பள்ளத்தை மூடமுடியாது.

இதே எண்கணிதத்தில் ஒரு கண்கட்டும் உண்டு, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். விகிதம் ஒன்றுக்குக் கீழே இருக்கும்போது இரு பக்கமும் ஒரே தொகை கூடினால் விகிதம் ஏறும். மார்ச் 30 அன்று 100 லட்சத்துக்கு நூலைக் கடனில் இறக்கினால் 430-ஐ 450-ஆல் வகுக்கவேண்டும், 0.94 என்பது 0.96 ஆகிவிடும். கடன் கூடியிருக்கிறது, எண் நன்றாகத் தெரிகிறது. ஒன்றுக்கு மேலே இருப்பவர்கள் இதற்கு நேர்மாறாக, ஆண்டுக் கடைசியில் அவசரமாகப் பாக்கியை அடைத்து எண்ணை ஏற்றுவார்கள். மார்ச் 31 கணக்கோடு டிசம்பர் கணக்கையும் சேர்த்துக் கேட்பது அதற்காகத்தான்.

சரி, அண்ணனின் தொழில் ஆபத்தில் இருக்கிறதா? இதற்கு விகிதம் பதில் சொல்லாது, நாட்காட்டிதான் சொல்லும். 350 லட்சமும் ஒரே நாளில் கேட்கப்படுவதில்லை. சி.சி.யின் 150-ஐ ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே போகலாம், கணக்கு ஒழுங்காக இருக்கும்வரை யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். ஆகவே ஒரு தாளை எடுத்து அடுத்த ஆறு வாரத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள். நம் மாதிரிக் கம்பெனியில் பழைய பில்களுக்கு 75, ரீஃபண்ட் 10, ஆக 85 வரும் என்று வைப்போம். போகவேண்டியது: தவணை கடந்த நூல் பாக்கி 50, டையிங், நிட்டிங் 40, ஆறு சனிக்கிழமைச் சம்பளம் வாரம் 3 வீதம் 18, டெர்ம் லோன் தவணை 4, சி.சி. வட்டி 2, மொத்தம் 114. இடைவெளி 29 லட்சம். இந்த ஆறு வாரத்தில் அனுப்பப்போகும் ஆடைக்குப் பணம் அதற்குப் பிறகுதான் வரும்.

இப்போது பார்க்கவேண்டியது, அந்த 29-ஐத் தாங்க எங்காவது இடம் இருக்கிறதா என்பது. சி.சி. லிமிட் 200 இருந்து 150-தான் எடுத்திருந்தால் இதே 0.94 ஒரு சின்ன இடறல்; எடுக்காமல் வைத்திருக்கும் லிமிட் பேலன்ஸ் ஷீட்டில் தெரியாது, விகிதத்திலும் வராது, ஆனால் மூச்சுவிட அதுதான் இடம். லிமிட்டே 150 என்று முழுவதும் எடுத்தாகிவிட்டது என்றால், யாரோ ஒருவருக்குப் பணம் போகாது. வங்கி ஸ்டேட்மென்டைப் புரட்டினால் இது கண்ணுக்குத் தெரியும். மாதம் முழுக்க இருப்பு லிமிட்டை ஒட்டியே நிற்கும். வரவு விழுந்த அன்று மாலைக்குள் அது வெளியே போயிருக்கும். செக் திரும்பிய கட்டணம் ஒன்றிரண்டு இடத்தில் பிடித்திருப்பார்கள்.

பணம் போகாதவர் பெரும்பாலும் முதலில் சாயப்பட்டறைக்காரர், அடுத்து நூல் மில். அங்கிருந்துதான் லாபமுள்ள தொழில் நொடிக்கத் தொடங்குகிறது. மில் கடனை நிறுத்தி, ரொக்கம் கொடுத்தால்தான் லோடு ஏற்றுவேன் என்கிறது. வேறு வியாபாரியிடம் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்து நூல் வாங்கவேண்டியிருக்கிறது. டையிங்கில் பழைய பாக்கி இருப்பதால் நம் துணி வரிசையில் பின்னால் போகிறது. ஆர்டர் பத்து நாள் தாமதமாகிறது, வாங்குபவர் பில்லில் கழித்துக்கொண்டு பணம் தருகிறார். இதற்குள் 32 லட்சம் லாபத்தில் பாதி கரைந்திருக்கும். விகிதம் முன்கூட்டிக் காட்டியது இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை.

சட்டப்படியும் ஒரு செலவு சேர்கிறது. சாயப்பட்டறையோ நிட்டிங் யூனிட்டோ பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாகவேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2023-24 நிதியாண்டு முதல், கெடு தாண்டி மார்ச் 31 அன்று நிற்கும் அத்தகைய பாக்கியை அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் கழிக்கமுடியாது. கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். கையில் இல்லாத பணத்துக்கு வரி கட்டவேண்டிவரும். நூல் மில் பெரிய நிறுவனமாக இருந்தால் இது பொருந்தாது. ஜாப் ஒர்க் பாக்கி 50-இல் எவ்வளவு பொருந்தும் என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வழி என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விடமுடியவில்லை. பள்ளம் நீண்டகாலப் பக்கத்தில் விழுந்தது, அந்தப் பக்கத்திலிருந்துதான் மண் போடவேண்டும். ஷெட்டுக்குச் செலவான 30 லட்சத்தின் பில்கள் இருந்தால், அதற்கு ஈடாக 22 லட்சம்வரை ஐந்தாண்டு டெர்ம் லோன் கேட்கலாம். செலவு முடிந்து அதிக நாள் ஆகியிருந்தால் வங்கிகள் தயங்கும் என்பதால் இதை உடனே செய்யவேண்டும். நிலத்துக்குப் போன 60-இல் 40-ஐயாவது தொழிலுக்குத் திருப்பவேண்டும், நிலத்தை விற்றோ குடும்பத்திலிருந்து வேறு வகையிலோ. உறவினர் கடனாகக் கொடுத்தால், வங்கிக் கடன் இருக்கும்வரை திரும்ப எடுக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். அப்போதுதான் அதை நீண்டகாலப் பணமாக எண்ணுவார்கள். இந்த 62 லட்சத்தையும் நூலுக்கும் டையிங்குக்கும் கட்டினால், புதிய கடனின் முதலாண்டுத் தவணை 4 சேர்ந்து, நடப்புப் பொறுப்பு 292 ஆகும். கரண்ட் ரேஷியோ 1.13, குயிக் ரேஷியோ 0.6. இது 1.33-ஐத் தொடாது, அடுத்த ஆண்டு லாபத்தை வெளியே எடுக்காமல் விட்டால் நெருங்கும்.

இதைச் செய்துவிட்டு மறுபடி கிளைக்குப் போகும்போது லிமிட் உயர்வு மனுவை முதலில் நீட்டவேண்டாம். இரண்டு தாள்கள் கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒன்றில் அந்த 90 லட்சம் எங்கே போனது, அதில் எவ்வளவு திரும்பி வந்தது என்ற கணக்கு. இன்னொன்றில் மே முதல் ஜூலை வரை வாரவாரியாக வரவும் செலவும், ஒவ்வொரு வரவுக்கு எதிரிலும் பில் எண்ணும் தேதியும். கடன் பிரிவில் உட்கார்ந்திருந்த காலத்தில் இந்த இரண்டு தாள்களோடு வந்தவர்கள் மிகச் சிலர். அவர்களின் கோப்பில் 1.1 என்று எழுதியிருந்தாலும், நான் முழுவதும் படித்திருக்கிறேன்.